அரிசிப் பைக்கு அரபி போடும் முன் அக்கா சொல்வதைக் கேள்

ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். பத்து கிலோ பொன்னி அரிசிப் பையின் முன்பக்கம். "துபாய் பார்ட்டிக்குப் போகுது, அரபியிலயும் போட்டுடுங்க, காலையில பிளேட் போடணும்" என்று கீழே ஒரு வரி. நீயும் உடனே மேலிருந்து ஒவ்வொரு சொல்லாக அரபிக்கு மாற்ற உட்கார்ந்துவிடுவாய். பிராண்டு பெயருக்கும் அர்த்தம் தேடுவாய், "புழுங்கல்" என்ற சொல்லையும் அப்படியே அரபி எழுத்தில் எழுதி வைப்பாய். இரண்டும் தப்பு. எந்தச் சொல்லைச் சத்தத்தோடு கொண்டுபோக வேண்டும், எதை அர்த்தத்தோடு கொண்டுபோக வேண்டும் என்று முடிவு செய்யாமல் கீபோர்டைத் தொடாதே.

1. முதலில் படத்தை பிரிண்ட் எடு, மூன்று கலர் பேனா எடு

ஸ்கிரீனில் பார்த்தால் எல்லாம் எழுத்தாகத்தான் தெரியும். தாளில் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் ஒரே கேள்வி கேள்: இது கடையில் கேட்டு வாங்கும் பெயரா, பைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும் சொல்லா? பெயருக்குச் சிவப்பு, விவரத்துக்குப் பச்சை. வரைந்த சின்னம், முத்திரை, படத்தோடு பின்னிக் கிடக்கும் எழுத்து எல்லாவற்றுக்கும் நீலம்.

சிவப்பு பெரும்பாலும் ஒலிபெயர்ப்பு, பச்சை கட்டாயம் மொழிபெயர்ப்பு, நீலத்தில் கை வைக்கக் கூடாது. வேலையில் முக்கால் பங்கு இத்தோடு முடிந்துவிடும்.

பெயரை ஏன் மொழிபெயர்க்கக் கூடாது என்று கேட்பாய். சவூதியிலோ எமிரேட்ஸிலோ ஒரு சூப்பர் மார்க்கெட் அலமாரியை நினைத்துப் பார். டைட் சோப்புத்தூள் அங்கே تايد, அதாவது "தாயித்". கடல் ஓதம் என்று யாரும் எழுதவில்லை. டவ் சோப்பு "தூஃப்"தான், புறாவுக்கான அரபிச் சொல் அதில் இல்லை. மார்ஸ் சாக்லேட் "மார்ஸ்"தான், செவ்வாய்க் கிரகம் ஆகவில்லை. பர்கர் கிங் கடைப் பலகையில் برجر كنج என்று இருக்கும், பர்கர்களின் அரசன் என்று இருக்காது. ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ் ஷாம்பு அப்படியே "ஹெட் ஆந்த் ஷோல்தர்ஸ்". செவன் அப் கூட "செஃபன் அப்" என்று ஒலியாகத்தான் போயிருக்கிறது. வாங்குகிறவர் அந்தச் சத்தத்தைச் சொல்லித்தான் கேட்பார். நீ அர்த்தத்தை எழுதினால் விளம்பரத்தில் கேட்டது ஒன்று, பையில் இருப்பது வேறொன்று என்று ஆகிவிடும்.

பச்சையை ஏன் ஒலிபெயர்க்கக் கூடாது? இதற்குச் சட்டமே இருக்கிறது. பொட்டலமிட்ட உணவின் லேபிளுக்கு வளைகுடா நாடுகள் வைத்திருக்கும் பொதுத் தரவிதி GSO 9. லேபிளில் அரபி இருக்க வேண்டும், வேறு மொழியும் போட்டால் இரண்டும் ஒன்றையே சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். உலகம் முழுவதும் பின்பற்றும் கோடெக்ஸ் லேபிள் விதியும் இதையொட்டித்தான் பேசுகிறது: பிராண்டு பெயரோ கற்பனைப் பெயரோ வைத்துக்கொள், ஆனால் உணவின் உண்மையான பெயர் கூடவே இருக்க வேண்டும். ஆகவே பிராண்டைச் சத்தமாக எழுதினாலும், "அரிசி" என்பது أرز என்று அர்த்தத்தோடு வந்தே ஆக வேண்டும்.

2. பெயருக்குச் சொந்தக்காரர் ஏற்கனவே முடிவு செய்துவிட்டாரா என்று பார்

நீ உட்கார்ந்து யோசிப்பதற்கு முன்னால், அந்தப் பெயருக்கு அரபி வடிவம் ஏற்கனவே இருக்கிறதா என்று தேடு. இருந்தால் உன் அபிப்பிராயத்துக்கு அங்கே வேலை இல்லை. சப்வே சாண்ட்விச் கடையைப் பார். ஆங்கில எஸ்ஸுக்கு س போடுவதுதான் வழக்கம். ஆனால் அவர்கள் பலகை صب واي, அழுத்தமான ஸாத் எழுத்தில் தொடங்கும். உன் கணக்குப்படி س வந்தாலும் அவர்கள் எழுதுவதைத்தான் எழுத வேண்டும்.

அர்த்தத்தை எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. லிப்டன் எல்லோ லேபிள் டீயில் லிப்டன் மட்டும் ஒலி, எல்லோ லேபிள் அங்கே العلامة الصفراء ஆகிவிட்டது. "மஞ்சள் அடையாளம்" என்று நேரடி அர்த்தம். ஒரே பெயரில் பாதி ஒலி, பாதி பொருள். இதற்கு எந்த விதியும் காரணமில்லை, சொந்தக்காரர் விருப்பம் அது. எதிர்ப்பக்கத்தில் ஆப்பிள் மாதிரி நிறுவனங்களும் இருக்கிறார்கள். அவர்கள் பொருள் பெயர்களை அரபி வாக்கியத்துக்கு நடுவிலும் ஆங்கில எழுத்திலேயே விடச் சொல்கிறார்கள். மொழிபெயர்ப்பும் வேண்டாம், ஒலிபெயர்ப்பும் வேண்டாம் என்பது அவர்கள் கட்டளை.

எங்கே தேடுவது? நேரம் இல்லாதவளுக்குக் குறுக்கு வழி இது, இதே வரிசையில் போ:

• ஏற்றுமதிக்காரரிடம் அங்கே எடுத்த டிரேட்மார்க் சான்றிதழ் இருக்கிறதா என்று கேள். வளைகுடாவில் அந்நிய மொழிப் பெயரைப் பதிவு செய்யப் போனால், அதை அரபியில் எப்படி உச்சரிப்பது, அர்த்தம் என்ன என்று எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். அந்தக் காகிதத்தில் உள்ள எழுத்துதான் இறுதி.

• அது இல்லையென்றால் அங்கே இறக்குமதி செய்பவருக்கு போன் போட்டு, பழைய ஸ்டிக்கரோ பழைய பையோ இருந்தால் படம் அனுப்பச் சொல்.

• பெரிய பிராண்டு என்றால் அந்த நாட்டின் சூப்பர் மார்க்கெட் இணையக் கடையில் மொழியை அரபிக்கு மாற்றித் தேடு. பெயரைப் பார்த்து நம்பாதே, பொட்டலத்தின் போட்டோவைப் பெரிதாக்கி அதில் அச்சான எழுத்தைப் பார். இணையக் கடையில் பெயரை டைப் செய்வது யாரோ ஒரு டேட்டா என்ட்ரிப் பையன். கடைக்குக் கடை ஒரு மாதிரி எழுதியிருக்கும்.

எந்த நாடு என்பதையும் கேட்டுக்கொள். தமிழில் "கூகுள்" என்று சொல்லும் அந்த "க" சத்தத்துக்குப் பொது அரபியில் தனி எழுத்தே கிடையாது. எகிப்தில் ج போட்டு எழுதுவார்கள், லெபனான் பக்கம் غ, சவூதியில் சாதாரண ஜனங்கள் ق. எகிப்துக்காரர் பழக்கத்தில் எழுதியதைச் சவூதிப் பையில் போட்டால் அதை "ஜ" என்று படித்துவிட வாய்ப்பு உண்டு. சொந்தக்காரர் வடிவம் கிடைக்காத பெயரென்றால், சரக்கு இறங்கும் நாட்டுக்காரர் எப்படி எழுதுவாரோ அப்படி எழுது.

3. இனி பையை எடு, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

நம் பையில் இருப்பவை இவை என்று வைத்துக்கொள்: தோகை விரித்த மயில் படம், அதன் கீழே "மயில்" என்ற பிராண்டு, "பொன்னி", "புழுங்கல் அரிசி", "பிரீமியம்", ஒரு சுலோகம், சைவக் குறியான பச்சைப் புள்ளி, எடை. இதில் மயிலும் பொன்னியும்தான் ஆளைக் கவிழ்க்கும். மற்றதெல்லாம் சுலபம்.

பொன்னியில் தொடங்குவோம். அது பிராண்டு இல்லை, நெல் ரகத்தின் பெயர். பாஸ்மதியை بسمتي என்று சத்தமாக எழுதுவது போல ரகத்தின் பெயரும் ஒலிபெயர்ப்புதான். நல்லது. இப்போது அரபியில் எப்படி எழுதுவாய்? அரபியில் "ப" ஒலி கிடையாது, பெப்சி கூட بيبسي என்று "ப"வுக்குப் பதில் மெல்லிய ب வைத்துத்தான் எழுதப்படுகிறது. குறில் உயிர் சாதாரண எழுத்தில் காட்டப்படாது. இரட்டை மெய்யும் ஒற்றை மெய்யாகத்தான் எழுதப்படும், மேலே ஷத்தா குறி வைத்தால்தான் இரட்டை என்று தெரியும். ஆக அவசரத்தில் உன் கை எழுதுவது بني.

அதை ஓர் அரபி எப்படிப் படிப்பார் தெரியுமா? "புன்னி". அதற்குப் பழுப்பு நிறம் என்று அர்த்தம். முன்னால் அரிசியைச் சேர்த்தால் أرز بني. இது அரபியில் பிரவுன் ரைஸுக்கு உள்ள பெயரேதான்! தவிடு நீக்காத அரிசி என்று வெள்ளைப் புழுங்கல் பையில் எழுதி அனுப்பியிருப்பாய். எழுத்துப் பிழை என்று யாருக்கும் தோன்றாது, ஏனென்றால் ஒவ்வொரு எழுத்தும் சரியாகத்தான் இருக்கும். வாங்கிப் போனவர் பையைத் திறந்து, பழுப்பரிசி எங்கே என்று கேட்பார். சோதனை செய்யும் அதிகாரி ஆங்கிலத்தில் ஒன்று, அரபியில் ஒன்று என்று நிறுத்தி வைப்பார். இரண்டு மொழியும் ஒன்றையே சொல்ல வேண்டும் என்று மேலே சொன்னேனே, அது இங்கேதான் கடிக்கும்.

சரி செய்வது கஷ்டமில்லை. உயிரொலிக்கு ஒரு و நுழை: بوني. ஷத்தாவும் வைத்தால் இன்னும் சரி: بونّي. இப்போது பழுப்பு நிறமாகப் படிக்க முடியாது. அங்கே பால் டப்பா ஒன்று இதே எழுத்துகளில் விற்கிறது என்று யாராவது சொன்னால் பயப்படாதே. நீ எழுதுவது ரகத்தின் பெயர், அதையும் தனியாக நிற்க விடப் போவதில்லை. பெயரை ஒட்டினாற்போலவே விவரத்தைக் கட்டிவிடு:

```
أرز بونّي
أرز أبيض مسلوق جزئيًا
```

இரண்டாவது வரிக்கு "பாதி வெந்த வெள்ளை அரிசி" என்று அர்த்தம், அதுதான் புழுங்கல். இந்த வரியை முதல் வரியிலிருந்து தள்ளிப் பையின் அடியில் கொண்டுபோய் வைக்காதே. டிசைனர்கள் இடம் பார்த்து அப்படி வைப்பார்கள். கண் ஒரே பார்வையில் இரண்டையும் படிக்க வேண்டும்.

புழுங்கலுக்கு வேறொரு ஆசையும் வரும். அங்கே கடைகளில் سيلا என்றும் مزة என்றும் புழுங்கல் அரிசிக்குப் பேச்சு வழக்கு உண்டே, அதைப் போட்டால் ஜனங்களுக்குப் புரியுமே என்று. அந்தச் சொற்கள் நீள மணி பாஸ்மதிப் புழுங்கலோடு ஒட்டிப்போனவை. நடுத்தர மணிப் பொன்னிக்கு அதைப் போட்டால் பிரியாணிக்கு வாங்கிப் போய் உன்னைத் திட்டுவார்கள். விவரச் சொல்லில் தெளிவுதான் முக்கியம், நாடகம் வேண்டாம்.

4. மயில்: இங்கே விதியை மாற்றுகிறேன், பொறுமையாகக் கேள்

பெயர் என்றால் ஒலிபெயர்ப்பு என்றேன். ஆனால் "மயில்" என்பதை அரபி எழுத்தில் எழுதிப் பார். ميل என்று எழுதினால் "மீல்" என்று படித்து, தூரத்தை அளக்கும் மைல் என்று நினைப்பார்கள். "மய்ல்" என்று படித்தால் சாய்வு. சரி, உயிரொலி சேர்க்கிறேன் என்று مايل எழுதினால், பேச்சு அரபியில் அது கோணலாகச் சாய்ந்து நிற்பது. சாய்ந்த அரிசி! கெட்ட வார்த்தை இல்லைதான், ஆனால் இரண்டு வழியில் எழுதியும் மூன்று வாசிப்பும் வேறு அர்த்தத்தில் போய் விழுகிறது. பையிலோ பெரிய மயில் படம் நிற்கிறது. படத்துக்கும் பெயருக்கும் ஒட்டே இல்லாமல் போய்விடும்.

இந்த இடத்தில் வளைகுடா வழக்கம் ஒன்றைத் தெரிந்துகொள். சவூதி வீடுகளில் அரிசியைப் பையின் படத்தை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். கோப்பை படம் போட்ட பாஸ்மதிக்கு أبو كاس, "கோப்பைக்காரன்" என்று பெயர். பெண் படம் போட்டதற்கு أبو بنت. இவை ஜனங்கள் வாயில் வழங்கும் பட்டப்பெயர்களாக மட்டும் நின்றுவிடவில்லை, இந்தப் பெயர்களிலேயே பிராண்டு விற்கிறது. ஆகவே உன் மயில் பையை நீ என்ன பெயர் எழுதி அனுப்பினாலும், கடைக்கு வருகிறவர் மயிலைத்தான் பார்ப்பார், மயிலுக்கான அரபிச் சொல்லைச் சொல்லித்தான் கேட்பார். அந்தச் சொல் طاووس, "தாவூஸ்".

பெயர் ஒரு பொருளைக் குறிக்க வேண்டும், அந்தப் பொருள் படமாகப் பையிலேயே இருக்க வேண்டும், சத்தமாக எழுதினால் அது அரபியில் வேறொன்றாகப் படிக்கப்பட வேண்டும். மூன்றும் சேர்ந்து வந்தால் மட்டும் மொழிபெயர்ப்பைப் பரிந்துரை செய். மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஒலிபெயர்ப்பே இருக்கட்டும்.

பரிந்துரை செய் என்றுதான் சொன்னேன், நீயே போட்டுவிடாதே. طاووس என்பது புதுப் பெயர். அங்கே வேறு யாராவது அதே பெயரில் அரிசி விற்றுக்கொண்டிருக்கலாம், பதிவும் செய்திருக்கலாம். ஏற்றுமதிக்காரர் "மயில்" என்ற தமிழ்ச் சத்தத்தைத்தான் அங்கே பதிவு செய்து வைத்திருக்கிறார் என்றால் கதையே வேறு. அப்போது பதிவில் உள்ளபடி எழுதி, மயில் படத்தைப் பெரிதாக்கி விட்டுவிடு. இந்த முடிவை எழுத்தில் வாங்கிக்கொள், வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும். "நீங்கதானே போட்டீங்க" என்று மூன்று மாதம் கழித்து ஒரு குரல் வரும்போது அந்த வரி உன்னைக் காப்பாற்றும்.

5. மீதி உருப்படிகள், சுருக்கமாக

• "பிரீமியம்" விவரச் சொல்தான், பெயரில்லை. فاخر அல்லது ممتاز என்று மொழிபெயர். بريميوم என்று ஒலியாக எழுதுபவர்களும் உண்டு. பிராண்டு பெயரோடு ஒட்டிப் பதிவானதாக இருந்தால் மட்டும் அப்படிப் போகட்டும்.

• சுலோகத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றாதே. அரபி எழுதத் தெரிந்தவரிடம் புதிதாக ஒரு வரி எழுதி வாங்கு, இல்லையென்றால் விட்டுவிடு. "நம்பர் ஒன்" என்று இருந்தால் அதை அரபியில் போடவே வேண்டாம், நிரூபி என்று கேட்டால் யார் போவது?

• பச்சைப் புள்ளி, இந்திய உணவுத் துறையின் உரிம எண் அடையாளம், தரச்சான்று முத்திரைகள் எல்லாம் நீலம். உள்ளே எழுத்து இருந்தாலும் அது முத்திரையின் பாகம். வைத்திரு, அல்லது இறக்குமதியாளர் சொன்னால் எடுத்துவிடு. பாதி மாற்றினால் போலி முத்திரை ஆகிவிடும்.

• எடையில் அரபி இலக்கம் போடுவதாக இருந்தால் கவனம். அவர்கள் பூஜ்யம் ஒரு புள்ளி: ٠. நெசவுப் பையில் பிரிண்ட் அடிக்கும்போது அந்தப் புள்ளி நூல் இடுக்கில் காணாமல் போனால் ١٠ கிலோ ١ கிலோ ஆகிவிடும். பக்கத்திலேயே 10 என்றும் போட்டுவிடு.

6. ஒலிபெயர்க்கும்போது ஆங்கில எழுத்தைப் பார்க்காதே, சத்தத்தைக் கேள்

வெளியாளிடம் அரபி எழுதி வாங்கினால், அந்த மொழிபெயர்ப்பாளர் எங்கோ உட்கார்ந்திருப்பார், அவருக்குத் தமிழ் தெரியாது. நீ அனுப்பிய படத்தில் உள்ள ஆங்கில எழுத்தைப் பார்த்துத்தான் எழுதுவார். ழகரம் வரும் பெயர் என்றால் ஆங்கிலத்தில் zh என்று எழுதியிருப்போம், அவர் அதை ஜகர வகைச் சத்தமாக எடுத்து ز எழுதிவிடுவார். "யாழ்" என்ற பெயர் "யாஸ்" ஆகிவிடும். ழகரத்துக்கு அங்கே எழுத்து இல்லை, ل தான் நெருக்கம். இதெல்லாம் அவருக்குத் தானாகத் தெரியாது. பெயரை நீயே வாயால் இரண்டு முறை நிதானமாகச் சொல்லி வாய்ஸ் மெசேஜ் அனுப்பு. பத்து விநாடி வேலை, பிளேட் காசு மிச்சம்.

பெர்சியன், உருது எழுத்துகளில் "ப"வுக்கு پ, "ச"வுக்கு چ, "க"வுக்கு گ எல்லாம் இருக்கிறதே, அதைப் போட்டால் சத்தம் துல்லியமாக வருமே என்று கெட்டிக்காரத்தனம் காட்டாதே. அரபி படிக்கிறவருக்கு அது பொதுப் பழக்கமில்லை, அரபி கீபோர்டில் சட்டென்று கிடைக்காது, கடைக்காரர் கம்ப்யூட்டரில் தேடினால் உன் பொருள் வராது. சில ஃபாண்ட்களில் அந்த எழுத்து மட்டும் வேறு உருவத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். சொந்தக்காரர் ஏற்கனவே போட்டிருந்தாலொழிய வேண்டாம்.

7. லோகோவுக்கு அரபி ஜோடி செய்யாதே

பிராண்டின் லோகோவைப் பார்த்து அதே மாதிரி வளைவோடு அரபியில் நீயே வரைந்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். கோகோ கோலாவுக்கு அரபி லோகோ உண்டு, ஆனால் அதை வரைந்தது அந்த நிறுவனம். ஃபெடெக்ஸ் லோகோவின் எழுத்து இடுக்கில் ஒளிந்திருக்கும் அம்புக்குறி ஆங்கிலத்தில் வலப்பக்கம் பார்க்கும். அவர்கள் அரபி லோகோவில் அதே அம்பு இடப்பக்கம் பார்க்கும், ஏனென்றால் அரபி அந்தத் திசையில் ஓடுகிறது. அப்படியொரு யோசனை செய்யும் வேலையை ஒரு ராத்திரியில் உன் தலையில் போட்டுக்கொள்ளாதே. அரபி லோகோ இருந்தால் வெக்டர் ஃபைலாகக் கேட்டு வாங்கு. இல்லையென்றால் அசல் லோகோ அப்படியே நிற்கட்டும், பக்கத்திலோ கீழேயோ சாதாரண அரபி ஃபாண்ட்டில் பெயரை எழுது.

திசை என்றதும் இன்னொன்று. அரபிக்காக லேஅவுட்டை வலம் இடமாக மாற்றச் சொல்வார்கள். சிலர் சோம்பேறித்தனத்தில் முழுப் படத்தையும் ஹாரிஸான்டல் ஃபிளிப் அடித்துவிடுவார்கள். லோகோ கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பிவிடும், எழுத்து இல்லாத சின்னம் என்றால் திரும்பியதே கண்ணுக்குத் தெரியாது, அதுதான் பெரிய ஆபத்து. இடத்தை மாற்று, சின்னத்தைத் திருப்பாதே.

விளம்பர நோட்டீஸில் ஒரு போட்டோவுக்குள் வேறு கம்பெனிப் பொட்டலம் நின்றால், அந்தப் பொட்டலத்தின் மேல் அரபி ஒட்டி ஏமாற்றாதே. கடைக்குப் போனால் அந்த எழுத்தோடு பொருள் இருக்காது. அரபிப் பெயர் போட்டோவுக்கு வெளியே, விலைக்குப் பக்கத்தில் வரட்டும். பின்னணியில் மங்கலாகத் தெரியும் கடைப் பலகை, லாரியில் உள்ள எழுத்து எதுவும் உன் வேலை இல்லை.

8. எழுத்து உடைந்திருக்கிறதா என்று அரபி தெரியாமலே கண்டுபிடிக்கலாம்

அரபி எழுத்துகள் கைகோத்துத்தான் நிற்கும். சாஃப்ட்வேரில் சரியான செட்டிங் இல்லாமல் ஒட்டினால் ஒவ்வொன்றும் தனித்தனியாக, சில சமயம் தலைகீழ் வரிசையில் விழும். இந்த இரண்டையும் பார்:

```
أرز بونّي     சரி
ي ن و ب       தப்பு
```

இடைவெளி விட்டுத் தனித்தனியாகத் தெரிந்தால் உடைந்திருக்கிறது. ஆனால் ஒன்று, أرز என்ற சொல்லில் மூன்று எழுத்தும் இயல்பாகவே ஒட்டாதவை. அதைப் பார்த்துப் பதறாதே, بونّي போன்ற சொல்லில் ب வும் و வும் ஒட்டியிருக்கிறதா, ن னும் ي யும் ஒட்டியிருக்கிறதா என்று பார். ஃபோட்டோஷாப்பில் பேராகிராஃப் மெனுவில் `World-Ready Layout` இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறுபடி ஒட்டு. தமிழ் எழுத்துக்குச் செய்வது போல எழுத்துக்கு எழுத்து இடைவெளியைக் கூட்டி நீட்டாதே, அதிலும் கைகோர்வை அறுந்துவிடும்.

பிரஸ்ஸுக்கு அனுப்பும்போது எழுத்தை அவுட்லைன் செய்து அனுப்பு. கூடவே அரபி வரிகளைத் தனி டெக்ஸ்ட் ஃபைலாகவும் வைத்திரு. நாளைக்கு ஐந்து கிலோ பை வரும்போது, படத்தைப் பார்த்து மறுபடி டைப் செய்கிற கூத்து வேண்டாம். அந்தப் பெயர் ஒரு பையில் ஷத்தாவோடும் இன்னொரு பையில் இல்லாமலும் இருந்தால் அதே ஆள் இரண்டு பிராண்டு விற்கிறார் என்று தோன்றும்.

9. கடைசிச் சோதனை: காதால் கேள்

அரபி மட்டும் உள்ள பகுதியைத் தனியாக வெட்டி எடு. ஆங்கிலமோ தமிழோ அதில் தெரியக் கூடாது, மயில் படத்தையும் மறைத்துவிடு. அரபி தாய்மொழியாக உள்ள ஒருவருக்கு அனுப்பி, "சத்தமாகப் படித்து வாய்ஸில் அனுப்புங்கள், இது என்ன பொருள் என்றும் சொல்லுங்கள்" என்று கேள். "சரியா இருக்கா?" என்று கேட்காதே. அப்படிக் கேட்டால் எல்லாரும் சரி என்றுதான் சொல்வார்கள். படித்துக் காட்டச் சொன்னால்தான் "புன்னி" என்று அவர் வாயில் வரும், பிரவுன் ரைஸ் என்று அவரே சொல்வார், உனக்கும் விஷயம் விளங்கும்.

மொழிபெயர்த்துக் கொடுத்தவரிடமே இந்தச் சோதனையை வைக்காதே, அவருக்கு விடை ஏற்கனவே தெரியும். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஊர் ஆளிடம் கேட்டாலும் முழுசாக நம்பாதே. அரபி எழுத்து ஓதத் தெரிந்தவர், குறிகள் போட்ட எழுத்தைப் பழகியவர், குறி இல்லாத பிராண்டு பெயரை உன் மாதிரியே ஊகித்துப் படிப்பார். பை இறங்கும் நாட்டில் கடை வைத்திருக்கும் இறக்குமதியாளரின் குமாஸ்தாதான் சரியான ஆள். அவர் படித்து அனுப்பிய குரலையும் அந்த டெக்ஸ்ட் ஃபைலோடு ஒரே ஃபோல்டரில் போட்டு வை. காலையில் பிளேட் போடணும் என்று அவசரப்படுத்தினால், குமாஸ்தாவின் பதில் வந்த பிறகுதான் ஃபைல் வரும் என்று சொல்லிவிட்டுப் போய்த் தூங்கு.